கெடா மலாய் பேசும் கிழவரைத் தமிழில் பேசவைப்பது: கேள்வி பதில்

மலாய் நாவலைத் தமிழுக்கு மொழிபெயர்க்க முயலும் பீடோங் சுற்றுவட்டார வாசகர்களின் கேள்விகள் இவை. எல்லாமே ஒரே மாதிரியான அத்தியாயத்தைப் பற்றியவை: வயதான நெல் விவசாயி ஒருவர், வடக்கு மலாயில், தன் வாயாலேயே கதை சொல்கிறார். பதில்களில் வரும் உதாரண வரிகள் இங்கே விளக்குவதற்காக எழுதப்பட்டவை. எந்த நாவலிலும் தேட வேண்டாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பீடோங்: "கதை சொல்றவரு முழுக்க ஹாங், டெப்பா, ஆவாட்னுதான் பேசுறாரு. தமிழ்ல எந்த வட்டாரத்த எடுக்கலாம்? மதுரையா, நெல்லையா?"

இரண்டும் வேண்டாம், டீச்சர். ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்.

"ஆவாட் ஹாங் தாக் மாய் செமாலம்? டெப்பா துங்கு சம்பாய் சுபோ."

"நேற்றிரவு நீ ஏன் வரவில்லை? அவர்கள் விடியும்வரை காத்திருந்தார்கள்" என்று எழுதினால் பொருளில் குறை இல்லை. ஆனால் விவசாயி ஆபீஸ் கிராணி ஆகிவிடுகிறார். "ஏம்ல நேத்து வரல? அவிய விடிய விடியக் காத்துக் கெடந்தாவ" என்றால் உயிர் வருகிறது, கூடவே திருநெல்வேலியும் வந்துவிடுகிறது. வாசகர் கண்ணில் தாமிரபரணி ஓடும், கெடாவின் வயல் காணாமல் போகும். வட்டார வழக்கு எதுவும் தன் ஊரைச் சுமந்துகொண்டுதான் வரும்.

மூன்றாவது வழி: "ஏன் நேத்து ராத்திரி வரல நீ? சுபுஹு வரைக்கும் உக்காந்திருந்தாங்க."

இதில் எந்த ஊரின் முத்திரையும் இல்லை. நேத்து, வரல, உக்காந்து எல்லாம் பொதுவான பேச்சு. சுவை வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. 'நீ' வாக்கியத்தின் கடைசிக்குப் போயிருக்கிறது. 'அவங்க' விழுந்துவிட்டது, வினைமுற்றே அதைச் சொல்லிவிடுகிறது. நேரத்தை விடியலால் சொல்லாமல் தொழுகையால் சொல்கிறார்.

வாக்கியத்தின் நீளத்திலும் கவனம் வேண்டும். கிழவர் "அக்கு பி பெந்தாங். ஆயாக் தாக் டாக். அக்கு பாலிக்" என்கிறார். மூன்று துண்டு. தமிழில் நம் கை தானாக "வயலுக்குப் போய், தண்ணி இல்லாததால திரும்பிட்டேன்" என்று கோத்துவிடும். அவர் சொல்லாத காரணத்தை அந்த 'ஆல' சேர்த்துவிட்டது. "வயலுக்குப் போனேன். தண்ணி இல்ல. வந்துட்டேன்." இப்படி நிறுத்தினால் அந்த மனுஷனின் குரல் அப்படியே நிற்கும். வட்டாரச் சொல் ஒன்றுகூட இல்லாமலே குரல் வந்துவிட்டது, பாருங்கள். எச்ச வினைகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் மலாய் மூலம் இருபது முற்றுப்புள்ளி வைத்திருக்க, உங்கள் பக்கத்தில் எட்டுதான் இருந்தால் கோளாறு அங்கேதான்.

ஓய்வு பெற்ற கிராணி, செமிலிங்: "ஹாங்னா மரியாதை இல்லாத சொல்லு. அது வர்ற இடமெல்லாம் 'டா' போட்டுட்டா வேலை முடிஞ்சது."

பாதி சரி, ஐயா. மூத்தவரிடம் 'ஹாங்' சொன்னால் அடி விழும், அது உண்மை. ஆனால் சமவயதுக்காரர்களுக்குள் அது சாதாரண 'நீ'தான். பெண்ணையும் ஹாங் என்பார்கள், ஆணையும் என்பார்கள். 'டா' போட்டால் இரண்டு கூடுதல் சரக்கு ஏறிவிடும்: எதிரில் இருப்பவர் ஆண் என்பது ஒன்று, பேசுபவருக்கு உரிமையோ கோபமோ இருக்கிறது என்பது இன்னொன்று. மூலத்தில் கோபம் வரும் இடத்துக்காக அந்த 'டா'வைச் சேமித்து வையுங்கள். பத்துப் பக்கம் வெறும் 'நீ' ஓடிய பிறகு ஒரே ஒரு 'டா' விழுந்தால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

'செக்' பற்றி யாரும் கேட்கவில்லை. ஆச்சரியம். சிறுவரும் பெண்களும் பெரியவர்களிடம் தன்னைச் சொல்லும் 'நான்' அது, குழைவு உள்ள 'நான்'. தமிழில் அதற்கு நிகர் இல்லை. 'நான்' என்றே எழுதி, வாக்கியக் கடைசியில் உறவுச்சொல்லை ஒட்டிக் குழைவைக் கொண்டுவரலாம். முழுத் திருப்தி தரும் வழி அல்ல அது.

கல்லூரி மாணவன், சுங்கைப் பட்டாணி: "பாக் லோங்குக்குப் பெரியப்பான்னு போட்டேன். அடுத்த அத்தியாயத்துல சிக்கிக்கிட்டேன். இப்ப மாமான்னு மாத்தலாமா?"

தம்பி, நல்ல இடத்தில் சிக்கியிருக்கிறீர்கள். 'லோங்' பிறந்த வரிசையைச் சொல்லும் சொல். மூத்தவர் என்று அர்த்தம். அப்பாவின் அண்ணனும் பாக் லோங், அம்மாவின் அண்ணனும் பாக் லோங், மூத்த அத்தையைக் கட்டியவரும் பாக் லோங். மலாய் வரிசையைக் கேட்கிறது. தமிழ் எந்தப் பக்கத்து உறவு என்று கேட்கிறது.

'பெரியப்பா' என்றால் அவர் மகள் கதாநாயகனுக்குத் தங்கை முறை. 'மாமா' என்றால் முறைப்பெண். நீங்கள் ஒரு சொல் போட்டதுமே தமிழ் வாசகர் மனதில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும், அல்லது கதவு மூடிவிடும். மூலத்தில் இரண்டும் இல்லை. அதனால் 'பாக் லோங்' என்றே விடுங்கள். முதல் தடவை வரும்போது கிழவர் வாயிலேயே பொருளைக் கொடுங்கள்: "பாக் லோங் வந்தாரு. எங்கம்மாவுக்கு மூத்தவரு, வீட்டுக்கே மூத்தவரு." எந்தப் பக்கம் என்பது நாவலில் எங்காவது சொல்லப்பட்டிருக்கும். முழு நாவலையும் படித்துக் கண்டுபிடித்த பிறகே அந்த வரியை எழுதுங்கள். ஒரு அத்தியாயத்தை மட்டும் மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

பெயர் போடாத ஒருவர்: "கடைசியில சொற்பட்டியல் வைக்கலாமா?"

பத்துச் சொல்லுக்குள் என்றால் வையுங்கள். வாக்கியமே பொருளைச் சொல்லிவிட்டால் அதுவும் தேவையில்லை.

குடும்பத் தலைவி, பீடோங்: "புவாசா, கெண்டுரி, சூராவ் எல்லாம் வருது. விரதம், விருந்து, கோயில்னு போட்டா நம்ம ஆளுங்களுக்குப் புரியும்தானே?"

புரியும். ஆனால் மலாய்க் கிழவர் மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதிக்கப் போன மாதிரி ஆகிவிடும். தமிழிலேயே இதற்கு ஆயத்தமான சொற்கள் இருக்கின்றன, தமிழ் முஸ்லிம்கள் புழங்குபவை: நோன்பு, தொழுகை, பள்ளிவாசல், சுபுஹு, மக்ரிப். அவற்றைத் தயங்காமல் எடுங்கள். சூராவ் பள்ளிவாசலைவிடச் சிறியது; 'சூராவ்' என்றே விட்டாலும் இங்கே யாருக்கும் தடுக்காது.

இரண்டு எச்சரிக்கை. உறவுச்சொற்களில் வாப்பா, உம்மா என்று போனால் மலாய்க்காரர் நாகூர்க்காரர் ஆகிவிடுவார். அடுத்தது கெண்டுரி. நம் 'கந்தூரி'யும் அதுவும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ஆனால் வளர்ந்த வீடு வேறு. தமிழில் கந்தூரி என்றால் தர்கா விழா. மலாயில் கல்யாணத்துக்கும் கெண்டுரி, இறந்தவருக்காக ஓதிச் சோறு போடுவதும் கெண்டுரி. 'கல்யாணச் சாப்பாடு', 'ஓதிச் சோறு போட்டோம்' என்று இடம் பார்த்துப் பிரித்து எழுதுங்கள்.

லாரி ஓட்டுநர், குரூண்: "'லா'வ என்ன பண்றது? நாமளே லா போட்டுத்தான பேசுறோம். அப்படியே விட்டா என்ன?"

விடலாம், அண்ணே, ஆனால் இடம் பார்த்து.

ஆசிரியை குறுக்கிட்டார்: "தமிழ்ல 'லா' எழுதினா தமிழ்நாட்டு வாசகருக்குக் கேலியாத் தெரியும். பசங்க கட்டுரையிலயும் எழுத ஆரம்பிச்சிடுவாங்க."

ஓட்டுநர்: "தமிழ்நாட்டுக்காரருக்காகவா மொழிபெயர்க்கிறோம்? இங்க இருக்கிறவன் படிக்க வேணாமா?"

ஆசிரியை: "ரெண்டு பேரும் படிக்கணும்னுதானே சொல்றேன்."

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு, ஆனால் இருவரும் ஒரு விஷயத்தைத் தாண்டிவிட்டீர்கள். 'லா' கெடாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நாடு முழுக்க ஓடுவது. வடக்கின் அடையாளம் வாக்கியக் கடைசியில் வரும் 'நோ'. "பானாஸ் நோ" என்றால் "வெயிலு, இல்ல?" எதிரில் இருப்பவரைத் தலையாட்ட வைக்கும் சொல் அது. தமிழில் 'இல்ல', 'என்ன' இரண்டும் அந்த வேலையைச் செய்யும்: "வெயிலு என்ன, இன்னிக்கி." 'நோ'வை அப்படியே எழுதினால் ஆங்கில மறுப்பாகப் படித்துவிடுவார்கள், அதனால் மாற்றியே ஆக வேண்டும்.

'லா'வை உரையாடலில் மட்டும் வைக்கலாம் என்பது இந்தப் பதிலின் சாய்வு. கிழவர் கதை சொல்லும் பகுதியில் வேண்டாம். அங்கே பக்கத்துக்கு நாலு வந்தால் காதில் கொசு மாதிரி. டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை, ஓட்டுநர் அண்ணனும் ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கட்டும்.

செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒருவர்: "எங்க தாத்தா பால்மரக் காட்டுக் கதை எழுதி வச்சிருக்காரு. லயம், பெரட்டு, ஒட்டுப்பால் எல்லாம் வரும். அதை மலாய்க்கு எப்படிக் கொண்டு போறது?"

அது எதிர்த்திசை, வேறு வேலை. மலாயைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரோடு உட்கார்ந்து செய்ய வேண்டியது. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: தாத்தா இருக்கும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் சொல்லும் விளக்கத்தைப் பதிவு செய்து வையுங்கள்.

மாணவன் மறுபடியும்: "ஒரு காட்சியில இருட்டுல யாரோ நிக்கிறாங்க. மூலத்துல 'டியா'ன்னு மட்டும் இருக்கு. கடைசியில அது பொம்பளைன்னு தெரியும். தமிழ்ல அவன், அவள்னு சொல்லாம எப்படி?"

'அவங்க' ஆணையும் பெண்ணையும் மறைக்கும், ஆனால் மரியாதை ஏறிவிடும். யாரென்று தெரியாத ஆளுக்குக் கிழவர் மரியாதை கொடுக்கமாட்டார். 'உருவம்' என்று எழுதினால் பேய்க்கதை. 'ஆளு' என்ற சொல்லே போதும், வினையைக் கொஞ்சம் திருப்பினால்: "மாமரத்தடியில ஒரு ஆளு. நிக்கிறது தெரியுது. மூஞ்சி தெரியல. கையில ஏதோ இருக்கு." முதல் துண்டில் வினையே இல்லை. மற்றவற்றில் எழுவாய் நிற்பது, மூஞ்சி, ஏதோ. அதனால் முற்று அஃறிணையில் முடிகிறது, ஆண்பால் பெண்பால் வெளியே வர வழியில்லை. ஏழெட்டு வரிக்கு இது தாங்கும். இரண்டு பக்கம் என்றால் செயற்கையாகிவிடும். அப்போது காட்சியைச் சுருக்க முடியாது என்பதால் 'அந்த ஆளு' என்பதை நடுநடுவே போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

புதிதாக வந்த ஒருவர்: "கொங்குத் தமிழ்ல செஞ்சா இனிமையா இருக்குமே?"

முதல் பதிலைப் படியுங்கள். மதுரைக்குச் சொன்னது கோயம்புத்தூருக்கும் பொருந்தும்.

இன்னொருவர்: "அடிக்குறிப்பு போடலாமா? அகராதி எது?"

சொற்பட்டியலுக்குச் சொன்னதே அடிக்குறிப்புக்கும். அகராதி என்றால் டேவான் பகாசாவின் காமுஸ் டேவான், இணையத்தில் prpm.dbp.gov.my. அதில் கிடைக்காத கெடாச் சொல்லுக்குப் பெந்தாங் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து கேளுங்கள்.

"அனுமதி வாங்கணுமா?"

வாங்க வேண்டும். மொழிபெயர்க்கும் உரிமை எழுத்தாளருடையது. மலேசியச் சட்டப்படி அவர் இறந்து 50 ஆண்டு வரை அவர் வாரிசுகளுக்கு அது உண்டு.

குடும்பத் தலைவி: "பேச்சுத் தமிழ எழுதும்போது எழுத்துப்பிழை மாதிரி தெரியுது. எந்த அளவுக்கு மாத்தலாம்?"

பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி ன் மூக்கோடு போய்விடும். அதைக் காது கேட்கிறபடி 'வந்தா' என்று எழுதினால் படிப்பவருக்கு அது 'வந்தாள்' ஆகும், அல்லது 'வந்தால்' ஆகும். அதனால் ஆணுக்கு 'வந்தான்' என்றே முழுதாக எழுதுங்கள். பெண்ணுக்கு 'வந்தா'. நிபந்தனைக்கு 'வந்தாக்கா'. மூன்றும் பிரிந்து நிற்கும், மூன்றும் பேச்சாகவே இருக்கும். இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நாலாம் பக்கத்தில் 'போறேன்', பத்தாம் பக்கத்தில் 'போகிறேன்', பதினாலில் 'போவுறேன்' என்று மாறினால் வாசகர் அதை வட்டார வழக்காக எடுத்துக்கொள்ளமாட்டார். பிழை என்றுதான் நினைப்பார்.