சக்‌ஷனா, ஆக்சிஜனா: எது முதலில்?

கேள்வி: நான் மன்னார்குடி. அரசு நர்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘முதலில் எதைச் செய்வீர்கள்’ என்ற கேள்விகளில் என் விடையும் கைடில் உள்ள விடையும் அடிக்கடி மாறுகின்றன. பாம்புக்கடிக் கேள்விக்கு நான் சக்‌ஷன் என்றேன், கைடு ஆக்சிஜன் என்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் விடைதான் சரி.

நீங்கள் அனுப்பிய கேள்வியில், வரப்பில் கடிபட்ட விவசாயிக்கு இமை தொங்குகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, தொண்டையில் கரகரவென்று சத்தம், ஆக்சிஜன் அளவு 91. கைடு எழுதியவர் 91-ஐப் பார்த்ததும் மாஸ்க்கை எடுத்துவிட்டார். அந்த 91-க்குக் காரணம் கரகரப்பில் இருக்கிறது. நாகமோ கட்டுவிரியனோ கடித்தால் தொண்டைத் தசை சோர்ந்து, எச்சில் மூச்சுப்பாதையில் தேங்கும். அடைத்த வாய்க்காலில் மேலும் தண்ணீர் திறந்துவிட்டு என்ன பயன்? அவசரத்தில் பார்க்க வேண்டிய வரிசை ஏ-பி-சி. ஒருக்களித்துப் படுக்கவைத்து எச்சிலை உறிஞ்சுவது, அதாவது சக்‌ஷன், ஏ: மூச்சுப்பாதை. மாஸ்க் பி, மூச்சு. ஐ.வி. லைன் சி, ரத்த ஓட்டம். விஷமுறிவு மருந்துதான் மூலக் காரணத்துக்கானது, ஆனால் அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை பாதை திறந்திருக்க வேண்டும். வார்டில் நாலு பேர் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வோம், தேர்வு கேட்பது தனியாக நிற்கும் உங்கள் முதல் கையை.

இனி ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுதுங்கள். பிறகு கேள்விக்குள் அந்த எழுத்து கெட்டிருப்பதற்கு அடையாளம் தேடுங்கள். அடையாளம் இல்லாத எழுத்தைத் தாண்டிப் போகலாம். அதே விவசாயி முழு வாக்கியமாகப் பேசுகிறார், சத்தமும் இல்லை என்றால் பாதை இப்போதைக்குத் திறந்திருக்கிறது. அங்கே சக்‌ஷன் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ‘ஏ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏ’ என்று சில பயிற்சி மையங்களில் சொல்லித்தருவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கை மறக்காதீர்கள். அசைவில்லை, மூச்சில்லை, நாடியும் இல்லை என்றால் வரிசை சி-ஏ-பி. முதலில் நெஞ்சு அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு ஊதல். 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் மாற்றிய வரிசை இது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மூளைக்குத் தள்ளுவதுதான் அந்த நிமிடத்தின் அவசரம். ‘மூச்சில்லை’ என்ற சொல்லை மட்டும் பார்த்து இங்கே தாவாதீர்கள். நாடி இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்றால் பாதையைத் திறந்து ஊதுவதுதான் முதல் வேலை. கேள்வியில் நாடி பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று விரலை வைத்துப் படியுங்கள்.

கும்பகோணம், திருவாரூர் பக்கம் ‘ஒரிஜினல் கீ’ என்று ஜெராக்ஸ் கட்டு விற்கிற ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள். என் மாணவி ஒருத்தி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதில், ஒரே கேள்விக்கு இரண்டு பக்கங்களில் இரண்டு விடை இருந்தது. காரணம் எழுதாமல் வெறும் எழுத்தை மட்டும் அச்சடிக்கும் வழக்கம் நம் தேர்வு முறையிலேயே வேரோடி இருப்பதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் கைடு ஆக்சிஜனுக்கு ஒரு வரி காரணம் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த விடையை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘கரகரப்பு’ என்று எழுதிவையுங்கள்.