ராத்திரி மீட்டர் பார்ப்பது எப்படி: பைப்கார அண்ணனிடம் கேட்டவை

மாலா, செந்தூல்: அண்ணே, தண்ணீர் பில் திடீரென்று ஏறிவிட்டது. ராத்திரி 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் மீட்டரைப் பார்த்தேன். நடுவில் யாரும் எழவில்லை, ஆனால் 84 லிட்டர் ஓடியிருக்கிறது. பைப் எங்கே உடைந்திருக்கும்?

தரையைத் தோண்ட ஆள் கூப்பிட்டுவிடாதீர்கள் தங்கச்சி. தாமான் வீடு என்றால் சீலிங்குக்கு மேலே தொட்டி இருக்கும். 10 மணிக்கு எல்லாரும் குளித்து முடித்திருந்தால், மிதவை மேலே வர வர வால்வு தண்ணீரைச் சன்னமாகத்தான் விடும். கடைசிக் கொஞ்சம் நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். நீங்கள் எண்ணைக் குறித்தபோது தொட்டி நிரம்பியிருந்ததா என்று தெரியாது. அதனால் அந்த 84 முழுவதும் கசிவு என்று சொல்ல முடியாது.

இரண்டு ராத்திரி பாருங்கள். முதல் ராத்திரி, தொட்டிக்கு ஏறும் பைப்பில் உள்ள வால்வை மூடிவிடுங்கள். தொட்டியில் இருக்கும் தண்ணீர் காலைவரை தாங்கும். சமையலறைக் குழாய் பல வீடுகளில் நேராக வெளிப் பைப்பிலிருந்து வருவதால் அதை மட்டும் திறக்க வேண்டாம். இப்போது எண் நகர்ந்தால், கசிவு மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் நடுவில்; கார் நிறுத்தும் தரைக்கு அடியிலும் இருக்கலாம். நகரவில்லை என்றால் தொட்டியிலோ அதற்குக் கீழேயோ. மறுநாள் ராத்திரி வால்வைத் திறந்து, மேலே தண்ணீர் விழும் சத்தம் அடங்கிய பிறகு எண்ணைக் குறியுங்கள். மீட்டரில் கறுப்பு எண்கள் பில்லுக்கு; நமக்கு வேண்டியது லிட்டரைக் காட்டும் சிகப்பு எண்கள்.

சுப்ரா, பிரிக்ஃபீல்ட்ஸ்: இவ்வளவு எதற்கு? மீட்டரில் இருக்கும் சின்னச் சக்கரத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் போதுமே. சுற்றவில்லை என்றால் கசிவு இல்லை.

வெளிப் பைப்புக்கு நீங்கள் சொல்வது சரிதான் தம்பி. தொட்டிக்குக் கீழே ஒழுகினால் அது ஏமாற்றும். பழைய மிதவை வால்வு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் நீர் நன்றாக இறங்கிய பிறகுதான் சட்டென்று திறந்து நிரப்பும். நடுவில் ஒரு மணி நேரம் சக்கரம் அசையாமலே கிடக்கலாம். இன்னொன்று, பைப்பில் அழுத்தம் மாறும்போது சக்கரம் முன்னும் பின்னும் ஆடும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். ஆடுவதைப் பார்க்காதீர்கள், எண் ஏறியதா என்று பாருங்கள்.

பார்வதி, ஆயர் ஈத்தாம்: எங்கள் வீட்டில் குளியலறைச் சுவர் எப்போதும் ஈரம். மீட்டர் ஒரு லிட்டர்கூட நகரவில்லை. மீட்டர் கெட்டுப்போயிற்றா?

மீட்டர் வழியாக வரும் தண்ணீர் மட்டும்தான் அதற்குத் தெரியும் அக்கா. உங்களுடையது குளித்துக் கழியும் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கும். கழிவுப் பைப்பையும் குளியலறைத் தரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாலா, செந்தூல்: அண்ணே, செய்து பார்த்தேன். வால்வை மூடிய ராத்திரி பூஜ்யம். திறந்த ராத்திரி 6 மணி நேரத்தில் 66 லிட்டர்.

அப்படியானால் முதல் தடவை கண்ட 84-இல் 18 லிட்டர் தொட்டி நிரம்பியதாகத்தான் இருக்க வேண்டும். மணிக்கு 11 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 264, மாதத்துக்கு ஏறக்குறைய 8 கன மீட்டர். பில்லில் அதே அளவு கூடியிருக்கிறதா பாருங்கள். ராத்திரியில் பைப் அழுத்தம் கூடுதல் என்பதால், தொட்டியின் மிதவை வால்வே ஒழுகினால் பகலில் கொஞ்சம் குறையும்.

முதலில் வெளியே போய், தொட்டியின் வழிந்தோடும் பைப் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் மிதவை வால்வுதான். இல்லையென்றால் கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிக் கலர் போட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கிண்ணத்தில் கலர் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

மாலா, செந்தூல்: கீழ்க் கழிவறையில் ஆரஞ்சுக் கலர் இறங்கியது! ரப்பர் மாற்றினோம். ஆனால் நேற்று ராத்திரியும் 4 லிட்டர் காட்டுகிறது.

பரவாயில்லை, ஆனால் இதையும் விட்டுவிடக் கூடாது. தொட்டி வால்வை மூடி, தொட்டியின் உள்ளே நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கீழே இன்னும் ஒழுகுகிறது. தொட்டி மீட்டருக்கு மீட்டர் அகலம் என்றால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர். 4 லிட்டரோ கோட்டுக்குக் கீழே 4 மில்லிமீட்டர்தான். மேல்மாடிக் கழிவறைக்கும் கலர் போடுங்கள்.

குமார், ஜெலுத்தோங்: மீட்டருக்குப் பக்கத்து வால்வை முழுவதும் மூடியும் எண் ஏறுகிறது. மீட்டர்தான் பழுது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா? வெளிப் பைப்பில் இணைந்த குழாயைத் திறந்து ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை, பழைய வால்வுகளின் வழக்கமே அதுதான். சுத்தமாக நின்றும் எண் ஏறினால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டோ, மீட்டரோ. பக்கத்தில் மண் ஈரமாக இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி, அப்புறம் சொல்கிறேன்.