மத்தியானம் இங்கே இடம் கிடைக்காது

கேள்வி: வெறும் வயலில் ஒற்றை மரம் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். ஐந்து வார்த்தைக்கு மேல் போகாமல் நல்ல கேப்ஷன் ஒன்று சொல்ல முடியுமா?

மேலே தலைப்பாகப் போட்டிருப்பதுதான் என் பதில். நான்கு வார்த்தை. உங்கள் படத்தைப் பார்க்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் விளைகிற வயலில் விட்டுவைத்திருக்கும் ஒற்றை மரம் பெரும்பாலும் நிழலுக்காக நிற்பதுதான். எந்தப் படத்துக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ரங்கூனில். எங்கள் சங்கத்து நாட்காட்டியில் மாதத்துக்கு ஒரு படம் போட்டு, அதன் அடியில் ஒரு வரி அச்சடிப்போம். அந்த வரியை எழுதுகிற வேலை பல வருடமாக என் தலையில்தான். இடம் கொஞ்சம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். அதனால் ஐந்து வார்த்தை என்பது எங்களுக்கும் எழுதாத சட்டம். ஒற்றை மரப் படம் வராத வருடமே கிடையாது. பெகு பக்கம் போகிறவர்கள் காரை நிறுத்தி எடுப்பதே அதைத்தான். அறுப்பு முடிந்த ஜனவரி வயல், கண்ணுக்கு எட்டிய வரை நெல் தாள், நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். படத்தோடு அனுப்புகிறவர்களே ஒரு வரியும் எழுதி அனுப்புவார்கள். பத்தில் எட்டு "தனிமை". மிச்சம் இரண்டு "தனித்து நின்றாலும் தலைநிமிர்ந்து".

முதலாவதில் என்ன சிக்கல் என்றால், படத்தை மூடிவிட்டு வரியை மட்டும் படித்தாலும் அதே சேதி, வரியை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும் அதே சேதி. இரண்டில் ஒன்று வீண். இரண்டாவதில் வேறு சிக்கல். அதை எடுத்து ஒரு மின்கம்பத்துக்கு அடியில் போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். கலங்கரை விளக்கத்துக்கும் பொருந்தும். பள்ளி ஆண்டு விழாவில் தனியாகப் பாடுகிற பிள்ளைக்கும் பொருந்தும். இந்த மரத்தைப் பற்றி அந்த வரிக்கு எதுவுமே தெரியாது.

அதனால் வரி எழுதுவதற்கு முன்னால் நான் படத்தைப் பெரிதாக்கி மரத்தடியைப் பார்ப்பேன். மரத்தை அல்ல, மரத்தடியை. போன வருடம் பெகு பக்கத்திலிருந்து வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். வயல் முழுக்கத் தாள் இருக்கிறது, மரத்தைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறும் தரை. நிழலில் நெல் சரியாக வராது என்பது ஒரு காரணம். ஆனால் தரை இறுகி வழவழப்பாக இருந்தது. அது கால் பட்டுப் பட்டு வந்த வழவழப்பு. வேர் மேல் ஒரு தண்ணீர்ப்பானை, அதன் மூடி மேல் ஒரு குவளை. அந்தப் பக்கம் மாடு கட்டுகிற முளை. ஆள் ஒருவரும் இல்லை, ஏனென்றால் படம் எடுத்தது காலையில்.

இவ்வளவு பார்த்த பிறகு அந்த மரத்தைத் தனிமை என்று சொல்ல மனம் வருமா? பல ஏக்கர் சுற்றளவில் நிழல் இருக்கிற ஒரே இடம் அது. அறுப்புக் காலத்தில் பதினொரு மணிக்கு மேல் வயலில் இருக்கிற அத்தனை பேரும் சோற்றுத் தூக்கோடு அங்கேதான் வருவார்கள். தனியாக நிற்பதால்தான் அங்கே அவ்வளவு கூட்டம். படத்தில் இல்லாத சேதி இதுதான், வரி சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

இனி சுருக்குகிற வேலை. முதலில் மனதில் வந்தபடியே எழுதிவிட்டேன்: "மத்தியான வெயிலில் இந்த மரத்தடியில்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள்." ஆறு வார்த்தை. மத்தியானம் என்றாலே வெயில் வந்துவிடுகிறது, அதை எடுத்தாயிற்று. மரம் கண் முன்னால் நிற்கிறது, "இந்த மரத்தடியில்" எதற்கு, "இங்கே" போதும். "மத்தியானம் இங்கேதான் எல்லோரும் சாப்பிடுவார்கள்" என்று நான்கில் நின்றது. கணக்கு சரி, ஆனால் வரி சப்பென்று இருந்தது. யாரோ ஊர் சுற்றிக் காட்டுகிற மாதிரி. அப்புறம் யோசித்தேன், படம் என்ன சொல்கிறது? இடம், இடம், இடம். எங்கே பார்த்தாலும் காலி. அதற்கு நேர் எதிரான ஒன்றை வரி சொன்னால் பார்க்கிறவர் ஒரு நொடி நின்று மறுபடி படத்தைப் பார்ப்பார். "மத்தியானம் இங்கே இடம் கிடைக்காது." தாமதமாக வந்து வெயிலில் உட்கார வேண்டியதாகிப்போன யாரோ ஒருவர் அலுத்துக்கொள்கிற குரல் அதில் இருக்கிறது. அதனால்தான் நண்பகல் என்று போடவில்லை. அலுத்துக்கொள்கிறவர் நண்பகல் என்று சொல்லமாட்டார்.

வினைச்சொல்லில் முடிந்திருப்பதையும் கவனியுங்கள். "அறுவடைக்குத் தப்பிய நிழல்" என்று பெயர்ச்சொல்லில் முடித்தால் கண்காட்சியில் சட்டம் போட்டு மாட்டின தலைப்பு மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தால்தான் பிடிக்கும்.

சரி, எங்கே இது செல்லாது? ஒன்று, படத்தில் ஆள் இருந்தால். ஒரே ஒருவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தால்கூட வரி பொய்யாகத் தெரியும், அவருக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே. இரண்டு, சூரியன் இறங்கின பிறகு எடுத்த படம். நிழலே தெரியாதபோது "இங்கே" என்றால் பார்க்கிறவருக்கு நிழல் என்று தோன்றாது, எதற்கு இடம் என்று விழிப்பார். அப்போது ஐந்தாவது வார்த்தையைச் செலவழித்து "மத்தியானம் இந்த நிழலில் இடம் கிடைக்காது" என்று போடலாம். கொஞ்சம் விளக்கம் கூடிவிடும், பரவாயில்லை.

சாயங்காலப் படம், மரமும் தூங்குமூஞ்சி என்றால் வேறு ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்த மரம் பொழுது சாய்ந்ததும் இலையை மடித்துக்கொள்ளும், மழை மேகம் கவிந்தாலும் மடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தி நேரப் படத்தில் அதன் தலை மெலிந்து, கிளைகளின் இடையே வானம் தெரிகிறது. "தூங்குமூஞ்சி மட்டும் விழித்திருக்கிறது" என்று எங்களுக்கு ஒரு வரி வந்திருந்தது, கேட்க அழகாக இருந்தது. ஆனால் அந்திப் படத்தில் அது தப்பு, அந்த நேரத்தில் முதலில் தூங்குவதே அதுதான். மரம் தெரிந்தவர் ஒருவர் போதும், வரியின் மானத்தை வாங்கிவிடுவார். "இவருக்கு மட்டும் தூக்கம் வந்துவிட்டது" என்று மாற்றினோம். உண்மையும் ஆயிற்று, ஒரு சிரிப்பும் வந்தது.

மரம் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நான் சொல்வது இதனால்தான். பகான் பக்கம் எடுத்த பனை என்றால் மூங்கில் ஏணி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பதநீர் இறக்குகிறவர்கள் பனையில் ஏணியைக் கட்டி ஏறுவார்கள். அது படத்தில் தெரிந்தால் "ஏணி இருக்கிறது, ஆள் எங்கே?" என்று கேட்டுவிடலாம். தண்டில் நாட் தேவதைக்குச் சின்னதாக ஒரு மரக்கூடு கட்டியிருந்தால், நம் முனி குடியிருக்கிற மரத்தைத் தொடப் பயப்படுவது போலத்தான் இங்கேயும், "வெட்டத்தான் யாருக்கும் துணிவில்லை" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடலாம். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் சமயத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற படாவ் மரமாக இருந்தால் இன்னும் சுலபம். முதல் மழைத்தூறல் பட்டதும் மொத்தமாகப் பூத்து ஒரே நாளில் உதிர்ந்துவிடுகிற பூ அது. "நேற்றும் இல்லை, நாளையும் இருக்காது."

வயதை மட்டும் தொடாதீர்கள். "நூறாண்டு கண்ட மரம்" என்று ஆசையாக எழுதத் தோன்றும். தூங்குமூஞ்சி வேகமாக வளர்கிற சாதி, பருமனை வைத்து வயது சொல்ல முடியாது. ஊர்க்காரர் யாராவது சிரித்துக்கொண்டே "என் கல்யாணத்துக்குப் பிறகு வைத்தது" என்பார்.

பழமொழியைப் பற்றியும் கேட்பீர்கள். தனிமரம் தோப்பாகாது என்பதை அப்படியே போட்டால் அது வரி இல்லை, சலிப்பு. அதற்கு மரம் பதில் சொல்கிற மாதிரி "தோப்பாகும் எண்ணம் எனக்கு இல்லை" என்று போட்டால் நடக்கும். மரத்தைப் பேசவைப்பது பொதுவாக எனக்கு ஆகாது, இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு. பழமொழி தெரியாத இளசுகளிடம் இது எடுபடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

யார் படிக்கப்போகிறார்கள் என்பது சில சமயம் மரத்தைவிட முக்கியம். அதே பெகு படத்துக்கு என் சித்தப்பா ஒரு வரி சொன்னார்: "செட்டியார் போனார், மரம் போகவில்லை." 1930களில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது எத்தனையோ பேர் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். 1948-இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. இதெல்லாம் எங்கள் வீடுகளில் சாப்பாட்டு நேரப் பேச்சு என்பதால், அந்த நான்கு வார்த்தையை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காரைக்குடியில் ஒரு வீட்டில் அதே படத்தை மாட்டினால் இன்னும் கனமாக விழும். ஆனால் வேறு ஊரில் முகநூலில் போட்டால் யார் செட்டியார், எங்கே போனார் என்று கேட்பார்கள். அடியில் மூன்று பத்தி விளக்கம் போட வேண்டிய வரி ஐந்து வார்த்தை கணக்கில் வராது. நாட்காட்டிக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் ஜனவரிப் பக்கத்துக்கு "இடம் கிடைக்காது" போயிற்று. சித்தப்பா இன்னும் என்னிடம் முறைப்பாகத்தான் இருக்கிறார்.

வார்த்தைக் கணக்குக்காக இரண்டு சொல்லை ஒட்டி எழுதி ஏமாற்ற வேண்டாம். வழக்கமாகச் சேர்த்தே எழுதுகிற தனிமரம், மரத்தடி போன்றவை ஒன்றுதான். "மத்தியானமிங்கே" என்று ஒட்டினால் படிக்கிறவர் தடுக்கிக்கொள்வார்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி மரத்தடியில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு எடுத்தது, என்ன மரம் என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். நிழல் தெரிகிற பகல் படம், ஆள் இல்லை என்றால் தலைப்பில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் போடத் தேவையில்லை.