ரிவ்யூ குவிந்தால் குறைக்க வேண்டியது எதை?

கேள்வி: தேர்வுக்கு 90 நாள் இருக்கிறது. நான்கு மாதமாக ஆன்கி என்ற மனப்பாடக் கார்டுச் செயலியில் படிக்கிறேன். மொத்தம் 2,000 கார்டு, அதில் 760 இன்னும் தொடவே இல்லை. தக்கவைப்பு 95 சதவீதம், தினசரி ரிவ்யூ வரம்பு 100, புது கார்டு 20. நடுவில் புது கார்டு வராமல் நின்றுவிட்டது. ஒரு வீடியோவில் சொன்னபடி ஒரு ஸ்விட்சைப் போட்டதும் மறுபடி வந்தது. நேற்று வரம்பைத் தூக்கிப் பார்த்தால் 640 கார்டு பாக்கி! சிலவற்றைப் பார்த்த நினைவே இல்லை. டெக், அதாவது கார்டுத் தொகுப்பு, காசு கொடுத்து வாங்கியது. தினமும் 40 நிமிடம்தான் ஒதுக்க முடியும். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 100 என்ற வரம்பைப் பார்ப்போம். அது வேலையைக் குறைக்கவில்லை, உங்கள் கண்ணிலிருந்து மறைத்தது, அவ்வளவுதான். ஒரு நாளில் 130 கார்டின் தவணை வந்தால் 100 காட்டப்படும், மீதி 30 அடுத்த நாளுக்குப் போகும். மறுநாளும் திரையில் 100 என்றே தெரியும். பாக்கி எத்தனை என்பதை முகப்பிலேயே காட்டாமல் வெட்டிய எண்ணைக் காட்டும் இந்த ஏற்பாட்டை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது எனக்குப் புரியவே இல்லை. எத்தனை பேர் இதில் ஏமாறுகிறார்கள்!

புது கார்டு நின்றது கோளாறு அல்ல. ரிவ்யூ வரம்பு நிரம்பிவிட்டால் புது கார்டு தராதே என்பதுதான் ஆன்கியின் இயல்பான விதி. பாக்கி சேர்கிறது என்று உங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை அது. வீடியோக்காரர் போடச் சொன்ன `New cards ignore review limit` அந்த எச்சரிக்கையைத்தான் அணைத்தது. அதன்பிறகு பழையது தேங்கித் தேங்கி நிற்க, மேலே தினமும் 20 புதுசு விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்தது 95 சதவீதம். எந்தக் கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று ஆன்கி கணக்கிடும் FSRS முறையில் `Desired retention` என்பது, ஒரு கார்டு உங்களிடம் திரும்பி வரும் தருணத்தில் அது நினைவிருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 90 வைத்தால் 10ஆம் நாள் வரும் கார்டு, 95 வைத்தால் சுமார் 5ஆம் நாளே வந்துவிடும். 85 வைத்தால் சுமார் 16ஆம் நாள் வரும். உங்கள் நினைவுப் போக்கைப் பொறுத்து இந்த நாள்கள் சற்று மாறலாம். ஆனால் 90இலிருந்து 95க்கு ஏறினால் இடைவெளி ஏறக்குறைய பாதியாகிறது என்பதை மனதில் வையுங்கள்.

90 என்றால் தேர்வில் பத்துக்கு ஒன்று மறக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. 90 என்பது தவணை நாளில் உள்ள நிலை. எந்த ஒரு நாளிலும் பெரும்பாலான கார்டுகளுக்குத் தவணை இன்னும் வந்திருக்காது, அவை அதைவிட நன்றாகவே நினைவில் இருக்கும். ஆகவே மொத்தத்தின் சராசரி 90க்கு மேலேதான் நிற்கும். பாக்கி இல்லாமல் இருந்தால் மட்டும். 95 என்று வைத்துவிட்டு 640 கார்டைத் தவணை தாண்ட விட்டால், அந்த 95 வெறும் எண்தான்.

இப்போது உங்கள் 640. பார்த்த நினைவே இல்லாத கார்டுகள் எப்படி ரிவ்யூவுக்கு வந்தன? விற்றவருடைய படிப்பு வரலாறும் டெக்கோடு சேர்ந்து உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம். இறக்குமதித் திரையில் `Import any learning progress`, `Import any deck presets` என இரண்டு தேர்வுகள் உண்டு. அடுத்தவர் டெக்கை எடுக்கும்போது இரண்டுமே அணைந்திருக்க வேண்டும். முதலாவது இருந்தால் அவர் எப்போதோ படித்த கார்டு உங்களுக்கும் படித்ததாகக் கணக்காகும். இரண்டாவது இருந்தால் அவருடைய அமைப்புகள் உங்கள் தலையில் வந்து உட்காரும். அந்த 95கூட அப்படி வந்ததாக இருக்கலாம்.

இந்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. "முதலிடம் பெற்றவரின் செட்டிங்" என்று ஒரு கோப்பை விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கவே முடியாது. FSRS கணக்கிடும் அளவுருக்கள் ஒருவர் எந்தக் கார்டை எப்போது மறந்தார் என்ற அவருடைய பதிவிலிருந்து பிறப்பவை. அவருடைய மறதி உங்களுக்கு எதற்கு? உங்கள் பதிவிலிருந்து அதைக் கணக்கிட அமைப்புப் பக்கத்திலேயே `Optimize` பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்தினால் போதும், காசு வேண்டாம். செயலிக் கடைகளில் ஆன்கி என்ற பெயரை ஒட்டியே வேறு செயலிகளும் இருக்கின்றன. சந்தா கட்டுவதற்கு முன் அது அசல்தானா என்று `apps.ankiweb.net` தளத்தில் உள்ள இணைப்பு வழியாகப் போய்ச் சரிபாருங்கள். கணினிக்கான அசல் ஆன்கி இலவசம்.

இனி செய்ய வேண்டியது. முதலில் `File` பட்டியலில் `Create Backup` கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு `Browse` திறந்து இதைத் தேடுங்கள்:

```
is:review -introduced:120
```

கடந்த 120 நாளில் நீங்கள் முதன்முதலாகப் பதில் சொல்லாத, ஆனால் ரிவ்யூ நிலையில் இருக்கும் கார்டுகள் இவை. நீங்கள் படிக்கத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால் இவை உங்களுடையவை அல்ல. இரண்டு மூன்றை எடுத்து `Card Info` பாருங்கள். நீங்கள் தொடங்கியதற்கு முந்தைய தேதிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Reset` கொடுங்கள், புது கார்டுகளாக மாறிவிடும். அவை 140 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 500 ஆகிறது, தொடாதவை 760இலிருந்து 900 ஆகின்றன. கசப்பாக இருந்தாலும் இதுதான் உங்கள் உண்மையான நிலை.

அடுத்து டெக் அமைப்பில் `Desired retention` 0.90 ஆக்குங்கள். அதே சமயம் `Reschedule cards on change` ஸ்விட்சை இந்த ஒரு முறை மட்டும் போட்டுச் சேமியுங்கள். தக்கவைப்பைக் குறைக்கும்போது இது தவணைகளைத் தள்ளிப்போடும். 95 கணக்கில் தவணை தாண்டியவற்றில் ஒரு பகுதி 90 கணக்கில் இன்னும் தாண்டியிருக்காது, அவை வரிசையை விட்டு விலகும். 500 சுமார் 400 ஆகட்டும். சேமித்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு பயத்தில் தக்கவைப்பை 0.97க்கு ஏற்றி இதே ஸ்விட்சைப் போடுகிறவர்கள் உண்டு. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கார்டு வந்து விழும்.

ரிவ்யூ வரம்பை 9999 ஆக்குங்கள். புது கார்டை 0 ஆக்குங்கள். வேலையைக் கட்டுப்படுத்த உங்களிடம் உள்ள உண்மையான கைப்பிடி புது கார்டு எண்ணிக்கைதான். `Review sort order` என்ற இடத்தில் `Descending retrievability` தேர்ந்தெடுங்கள். நன்றாக நினைவிருப்பவை முதலில் வரும். அவற்றைக் காப்பாற்றிவிட்டு, ஏற்கெனவே மறந்துபோனவற்றுக்குப் பிறகு போகலாம். 40 நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள், எவ்வளவு மீந்தாலும் சரி.

உங்கள் வேகம் என்ன என்பது டெக் பட்டியலின் அடியிலேயே இருக்கிறது, கார்டுக்கு எத்தனை வினாடி என்று. 10 வினாடி என்றால் 40 நிமிடத்தில் 240 பதில். அன்றாடம் வரும் தவணை 80, தவறியவை திரும்பி வருவதில் 40 போனாலும் பாக்கியில் நாளொன்றுக்கு 120 கரையும். 400 கார்டு நான்கு நாளில் முடியும், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி 83 நாள். கடைசி 21 நாள் புது கார்டு கூடாது. அப்போது தொடங்கும் கார்டு ஊன்ற நேரம் இருக்காது, பழையவற்றின் நேரத்தையும் தின்னும். ஆக 62 நாளில் 900 கார்டு, நாளுக்கு 15. புது கார்டு ஒவ்வொன்றும் முதல் நாளே மூன்று பதில் கேட்கும், 45 போய்விடும். மீதி 195. புது கார்டின் எண்ணிக்கைபோல் பத்து மடங்கு வரை தினசரி ரிவ்யூ ஏறலாம் என்பது பொதுவான கணக்கு, அதாவது 150. பழைய கார்டுகளின் இடைவெளி நீண்டு அவற்றின் தவணை 80இலிருந்து 40 ஆகியிருக்கும் என்று வைத்துச் சேர்த்தால் 190. மயிரிழையில்தான் பொருந்துகிறது. இரண்டு நாள் தொடர்ந்து 40 நிமிடத்தில் முடியவில்லை என்றால் ரிவ்யூ வரம்பில் கை வைக்காதீர்கள், புது கார்டை 10 ஆக்குங்கள். அப்படிக் குறைத்தால் தேர்வுக்குள் எல்லாம் முடியாது. ஆகவே தேர்வில் அரிதாக வரும் பகுதிகளை நீங்களே தேர்ந்தெடுத்து `Suspend` செய்யுங்கள். எதை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் வரிசை முடிவு செய்யும்.

95 எங்குமே கூடாதா என்றால், ஒரு இடத்தில் தகும். ஓர் எழுத்து தவறினாலும் பயனில்லாத சூத்திரங்கள், மாறிலிகள் போன்றவை. விளக்கக் கேள்வியில் பாதி நினைவு பாதி மதிப்பெண் தரும், சூத்திரத்தில் தராது. ஆனால் இந்தச் சலுகை 150 கார்டுக்கு மேல் போகக் கூடாது. "இதுவும் முக்கியம்தானே" என்று ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தால் மறுபடி பழைய கதை. அவற்றைத் தனி டெக்குக்கு மாற்றி, அதன் அமைப்புப் பக்கத்தில் `Clone Preset` கொடுத்து, புதிதாகப் பிறந்த அமைப்பில் மட்டும் 0.95 வையுங்கள். நகல் எடுக்காமல் எண்ணை மாற்றினால் அதே அமைப்பைப் பகிரும் எல்லா டெக்கும் 95க்குப் போய்விடும். நகல் எடுப்பதால் உங்கள் அளவுருக்களும் கூடவே வரும், 150 கார்டின் சொற்பப் பதிவை வைத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை. அந்த டெக்கை வேறொரு டெக்கின் கீழ் வைத்தால், மேல் டெக்கைத் திறந்து படிக்கும்போது மேல் டெக்கின் வரம்பும் பொருந்தும். மேலேயும் 9999 இருக்கட்டும்.

பொத்தான் பற்றி ஒன்று. மறந்துபோன கார்டுக்கு `Hard` அழுத்தாதீர்கள், `Again` மட்டும்தான். `Hard` என்றால் சிரமப்பட்டாலும் நினைவுக்கு வந்தது என்று FSRS எடுத்துக்கொள்ளும். மறந்ததற்கெல்லாம் அதை அழுத்தினால் இடைவெளி கண்டபடி நீளும்.

மூன்று வாரம் கழித்து `Stats` பக்கத்தில் `True Retention` அட்டவணையைப் பாருங்கள். 90 அருகில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். 80க்கு அருகில் இருந்தால் பாக்கி சேர்கிறதா, `Hard` பழக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு `Optimize` அழுத்துங்கள். கடைசி வாரம் கூடுதல் நேரம் கிடைத்தால் தக்கவைப்பை ஏற்ற வேண்டாம். `Create Filtered Deck` திறந்து, `prop:r<0.92` என்று தேடச் சொல்லி, எண்ணிக்கையை 100 ஆக வரையறுங்கள். தவணை வராவிட்டாலும் நழுவத் தொடங்கிய கார்டுகள் மட்டும் வரும். பார்த்து முடித்ததும் அவை தம் சொந்த டெக்குக்கே திரும்பிவிடும்.