பூமிக்குள் என்ன இருக்கிறது என்று நில அதிர்வு அலைகள் எப்படிக் காட்டின? – கேள்வி பதில்

நில அதிர்வுப் பதிவுகளைப் படிப்பதுதான் பல வருடமாக என் வேலை. அந்தப் பதிவுகளை வைத்து பூமியின் வெளி ஓடான மேலோடு, அதற்குக் கீழே உள்ள கவசம், நடுவில் உள்ள கருவம் எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

பத்தாம் வகுப்பு மாணவர்: சார், மனுஷன் இதுவரைக்கும் 12 கிலோமீட்டர்தான் தோண்டியிருக்கான்னு படிச்சேன். அப்புறம் 2,900 கிலோமீட்டர் ஆழத்துல கருவம் ஆரம்பிக்குதுன்னு எப்படி அடிச்சுச் சொல்றாங்க?

நல்ல சந்தேகம் தம்பி. ரஷ்யாவின் கோலா ஆழ்துளை 12,262 மீட்டர், அவ்வளவுதான். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். தோண்டித் தெரிந்துகொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் பெரிய நிலநடுக்கம் வந்தால் அதன் அலைகள் பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வரை போகின்றன. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நடுங்கியது, உலகின் வெவ்வேறு நிலையங்களுக்கு அலை எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். பூமி முழுக்க ஒரே பொருளாக இருந்தால் தூரத்துக்கு ஏற்றபடி நேரமும் ஒழுங்காகக் கூட வேண்டும். அப்படிக் கூடவில்லை. சில தூரங்களில் எதிர்பார்த்ததற்கு முன்பே வருகிறது, சில தூரங்களில் தாமதமாக வருகிறது, சில இடங்களில் வரவே காணோம். உள்ளே எந்த ஆழத்தில் என்ன மாறினால் இப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுப் போட்டுத்தான் ஒவ்வொரு அடுக்காகப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் இதற்குப் பெரிய இடைஞ்சல் கடிகாரம். நிலையத்துக் கடிகாரம் சில விநாடி தப்பாக ஓடினாலும் அடுக்கின் ஆழம் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

சென்னைவாசி: 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் அடுக்குமாடியில் முதலில் லேசாக ஓர் உதறல், கொஞ்ச நேரம் கழித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டம். அதுதான் பி அலையும் எஸ் அலையுமா?

இருக்கலாம், ஆனால் எனக்குச் சந்தேகம்தான். சுமத்ராவில் நடுங்கிய இடம் சென்னையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். பாறையை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் போகும் பி அலைதான் வேகமானது, அதற்கே சென்னை வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். பக்கவாட்டில் உலுக்கும் எஸ் அலை அதற்கப்புறம் இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் வரும். தரையின் மேல்பகுதியிலேயே ஓடிவரும் மேற்பரப்பு அலைகள் அதற்கும் பிந்தி வரும், உயரமான கட்டடங்களை அதிகம் ஆட்டுபவை அவைதான். நீங்கள் சொல்லும் ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு?

சென்னைவாசி: சரியாக நினைவில்லை. அரை நிமிடம் இருக்கலாம்.

அரை நிமிடம்தான் என்றால் பி-யும் எஸ்-ஸும் இல்லை. இரண்டுமே மேற்பரப்பு அலைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று நிமிடத்துக்கு மேல் என்றால் வேறு கதை. நினைவை மட்டும் வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது.

கட்டுமானப் பொறியாளர்: மேலோடு முடியும் எல்லையை மோஹோ என்கிறார்கள். சோனார் போல அலை அங்கே பட்டு எதிரொலித்துத் திரும்பி வந்ததை வைத்துத்தானே கண்டுபிடித்தார்கள்?

இன்றைக்கு அந்த முறையிலும் அளக்கிறார்கள். ஆனால் குரோவேசியாவின் ஆந்த்ரியா மொஹொரோவிச்சிச் கண்டது எதிரொலியை அல்ல, ஒரே அலை இரண்டு தடவை வந்ததை.

1909 அக்டோபர் 8 அன்று சாக்ரெப் நகருக்குத் தெற்கே குப்பா பள்ளத்தாக்கில் ஒரு நிலநடுக்கம். அவர் ஐரோப்பாவின் பல நிலையங்களிலிருந்து பதிவுகளை வரவழைத்து அடுக்கிப் பார்த்தார். பக்கத்து நிலையங்களில் ஒரே ஒரு பி அலைதான் தெரிந்தது. சுமார் 300 கிலோமீட்டரைத் தாண்டினால் இரண்டு தெரிந்தன. எஸ் அலையிலும் அதே இரட்டிப்பு.

இதை எளிய எண்களில் போட்டுப் பாருங்கள். மேலோட்டின் தடிமன் 30 கிலோமீட்டர், அதில் பி அலையின் வேகம் விநாடிக்கு 6 கிலோமீட்டர், கீழே கவசத்தில் 8 என்று வைத்துக்கொள்வோம். நடுக்கம் தரைக்குப் பக்கத்திலேயே என்றும் வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டரில் உள்ள நிலையத்துக்கு மேலோட்டிலேயே நேராக வரும் அலைக்கு ஏறத்தாழ 17 விநாடி. கீழே இறங்கி, கவசத்தின் உச்சியை ஒட்டி ஓடி, மறுபடி மேலே ஏறி வரும் அலைக்கு 19 விநாடி. சுற்றிப் போனதால் பின்தங்கிவிட்டது. அதே கணக்கை 300 கிலோமீட்டருக்குப் போட்டால் நேர் அலைக்கு 50 விநாடி, இறங்கி ஏறும் அலைக்கு 44. இப்போது சுற்றிப் போனதுதான் முந்துகிறது. இந்த எண்களில் ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் இரண்டும் சமமாகும். எந்தத் தூரத்தில் முந்தத் தொடங்குகிறது என்பது தெரிந்தால் மேலோட்டின் தடிமனைக் கணக்கிடலாம். அவருக்கு அங்கே 54 கிலோமீட்டர் வந்தது, 1910-ல் வெளியிட்டார். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் அல்ல. கடலடியில் மேலோடு 7 கிலோமீட்டர் அளவுதான், இமயத்தின் கீழே 70-ஐத் தொடும்.

கோவை விவசாயி: ஐயா, எங்க தோட்டத்துல 1,000 அடி போர் போட்டோம், தண்ணி வெதுவெதுன்னு வருது. எங்களுக்குக் கீழே லாவா நெருக்கத்துல இருக்கா?

இல்லைங்க, பயப்பட வேண்டாம். பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். 1,000 அடி என்பது 300 மீட்டர் சொச்சம், ஆக எட்டு ஒன்பது டிகிரி கூடத்தான் செய்யும். உங்கள் தண்ணீருக்கு அதுவே போதுமான காரணம்.

மேலோட்டுக்குக் கீழே உருகிய லாவாக் கடல் இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படங்களில் கவசத்துக்குச் சிவப்பு வண்ணம் அடிப்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். எஸ் அலை திரவத்துக்குள் போகாது. ஆனால் கவசத்தின் மேல் எல்லையிலிருந்து அடி வரை அது தாராளமாகப் போய் வருகிறது. ஆகவே கவசம் திடப் பாறைதான். கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மெல்ல நகர்கிறது, அது உண்மை, ஆனால் திரவம் இல்லை. உருகல் என்பது அங்கங்கே கொஞ்சம்தான்.

அறிவியல் ஆசிரியை: எஸ் அலை மறுபக்கம் வராததைப் பார்த்து, கருவம் திரவம் என்று 1906-ல் ஓல்தாம் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் சொல்கிறேன். சரிதானே?

1906, ஓல்தாம், கருவம், இந்த மூன்றும் சரி அம்மா. ‘திரவம்’ மட்டும் அவருடையது இல்லை. வெகு தூரத்து நிலையங்களில் எஸ் அலை மிகவும் தாமதமாக வருவதாக அவர் படித்தார், எனவே நடுவில் அலையை மெதுவாக்கும் ஒரு பகுதி இருக்கிறது என்றார். 1913 வாக்கில் பேனோ கூட்டன்பர்க் அதன் எல்லையை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்தார், இன்று வரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.

அலை வரவில்லை என்பதால் மட்டும் திரவம் என்று சொல்லிவிட முடியாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வழியில் வலுவிழந்து அடங்கியிருக்கலாம், வேறு அலைகளின் ஆட்டத்தில் மறைந்திருக்கலாம். 1926-ல் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் வேறு பக்கமிருந்து வந்தார். எஸ் அலையின் வேகத்திலிருந்து கவசம் எவ்வளவு விறைப்பு என்று தெரியும். நிலா, சூரியன் இழுப்பில் பூமியே கொஞ்சம் உருமாறுகிறது, அதிலிருந்து முழுப் பூமியின் விறைப்பும் தெரியும். முழுப் பூமி கவசத்தைவிட எவ்வளவோ இளக்கமாக இருந்தது. அப்படியானால் நடுவில் விறைப்பே இல்லாத ஒன்று இருந்தாக வேண்டும். திரவம் என்ற முடிவு நிலைபெற்றது அங்கேதான்.

புவியியல் படித்த வாசகர்: ஒரு சின்னச் சேர்க்கை. ஓல்தாம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். 1897 ஜூன் 12 அசாம் பெரு நிலநடுக்கத்தை ஆராய்ந்ததுதான் அவருக்குத் தொடக்கம்.

ரொம்பச் சரி. ஷில்லாங் பக்கம் ஊர்களைத் தரைமட்டமாக்கிய அந்த நடுக்கத்தை ஐரோப்பாவிலிருந்த கருவிகளும் பதிந்தன. அந்தப் பதிவுகளில்தான் பி, எஸ், மேற்பரப்பு அலை என்று மூன்றையும் அவர் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிப்பு இல்லாமல் 1906 கட்டுரை வந்திருக்காது.

பொறியியல் மாணவி: கருவத்தால் பி அலைக்கு ஒரு நிழல் மண்டலம் உண்டு, அங்கே அலை வராது என்கிறார்கள். அப்படியென்றால் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருப்பது எப்படித் தெரிந்தது?

வராத இடத்தில் வந்ததால்தான் தெரிந்தது. நிழல் ஏன் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். கவசத்தின் அடியில் பி அலை விநாடிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, திரவக் கருவத்துக்குள் நுழைந்ததும் 8-க்கு விழுகிறது. வேகம் குறைந்தால் அலை உள்நோக்கி மடியும். அதனால் நடுங்கிய இடத்திலிருந்து பூமியின் நடுவிலிருந்து அளக்கும் கோணக் கணக்கில் 103 டிகிரி முதல் 142 டிகிரி வரை எதுவும் போய்ச் சேரக் கூடாது.

1929 ஜூனில் நியூசிலாந்தின் மர்ச்சிசனில் பெரிய நடுக்கம். கோபன்ஹேகனில் நில அதிர்வுப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் இங்கெ லேமன் என்ற பெண்மணி. ரஷ்யாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் மர்ச்சிசனிலிருந்து ஏறத்தாழ 135 டிகிரி, இர்குட்ஸ்க் 111 டிகிரி. இரண்டுமே நிழலுக்குள். ஆனால் இரண்டு பதிவுகளிலும் பி வகை அலை தெளிவாக இருந்தது. அப்போதைய விளக்கம், கருவத்தின் ஓரத்தை உரசி வளைந்து கசிந்து வந்த அலை என்பது. அப்படிக் கசிந்து வருவது மிக மங்கலாகத்தான் இருக்க முடியும். செங்குத்தாக ஆடும் கருவிகளின் பதிவில் இதுவோ பலமாக இருந்தது.

அவர் கணக்கை எவ்வளவு எளிமையாக வைத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. கவசம் முழுக்க விநாடிக்கு 10 கிலோமீட்டர், கருவத்தில் 8 என்று இரண்டே எண்கள். அந்தப் பூமியில் நிழலுக்குள் எதுவும் வரவில்லை. பிறகு நடுவில், இன்னும் வேகமாக அலை போகக்கூடிய ஒரு சிறு கோளத்தை வைத்தார். அதில் பட்ட அலைகள் வெளிப்பக்கம் மடங்கி நிழலுக்குள் வந்து விழுந்தன, வந்து சேர்ந்த நேரமும் பதிவுகளோடு ஒத்துப்போனது. நேரப் பதிவுகளை ஓட்ஸ் பெட்டி அட்டைகளில் எழுதி, தோட்டத்தில் மேசை போட்டு அடுக்கி வேலை செய்ததாக அவருடைய உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 1936-ல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு ஓர் எழுத்தும் ஒரு குறியும்தான்: P′. அவர் போட்ட ஆரம் சுமார் 1,400 கிலோமீட்டர், இன்றைய கணக்கு 1,220 அளவு.

அதே மாணவி: அப்போ உட்கருவம் திடம் என்பதையும் அவரே சொன்னாரா? எஸ் அலை அதற்குள் போனதைப் பார்த்தார்களா?

இல்லை, வேகம் மாறுகிறது என்பது மட்டும்தான் அவருடைய முடிவு. திடமாக இருக்கலாம் என்று 1940-களில் பர்ச், புல்லன் போன்றவர்கள் வாதிட்டார்கள். வலுவான ஆதாரம் 1971-ல் வந்தது. 1964 அலாஸ்கா நடுக்கத்துக்குப் பிறகு முழுப் பூமியும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது, அந்த அதிர்வுகளின் கால அளவுகள் நடுவில் திடக் கோளம் இருந்தால்தான் பொருந்துகின்றன என்று ஜெவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் காட்டினார்கள்.

உட்கருவத்துக்குள் எஸ் அலையாகவே போய் வந்த ஒன்றை நேரடியாகப் பிடித்தோமா என்பது வேறு விஷயம். பி அலை வெளிக்கருவத்தைக் கடந்து, உள்ளே எஸ் ஆக மாறி, வெளியே வரும்போது திரும்ப பி ஆக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆற்றல் குறைகிறது, கடைசியில் கிடைப்பது இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் ஒரு சிறு அசைவு. பிடித்துவிட்டோம் என்று சிலர் அறிவித்திருக்கிறார்கள், அது வேறு அலையாக இருக்கலாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதிவுகளில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.