அதிகம் முன்னேறியவர் யார்?

*பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். காலாண்டுத் தேர்விலிருந்து அரையாண்டுக்குள் அதிகம் முன்னேறிய ஒருவருக்கு ஆண்டு விழாவில் பரிசு தரவேண்டும். ஒரு பையன் 12-லிருந்து 30 வந்திருக்கிறான். ஒரு பெண் 45-லிருந்து 70. இன்னொரு பையன் 82-லிருந்து 94. கூடிய மதிப்பெண்ணைப் பாருங்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். சதவீதம்தான் நியாயம் என்கிறார் அறிவியல் ஆசிரியர். யாருக்குக் கொடுப்பது?*
*– அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்*

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் சொன்ன இரண்டு வழிகளோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. மூன்றிலும் போட்டுப் பார்த்தால் மூன்று வெவ்வேறு பிள்ளைகள் முதலில் வருகிறார்கள். கூடிய மதிப்பெண் 18, 25, 12. அதில் அந்தப் பெண் முதல். தொடங்கிய மதிப்பெண்ணில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் 150, 56, 15; 12 எடுத்த பையன் முதல். நூற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணில் எவ்வளவை எட்டிப் பிடித்தார்கள் என்பது மூன்றாவது வழி. 88 குறைந்தவன் 18-ஐப் பிடித்தான், 55 குறைந்தவள் 25-ஐ, 18 குறைந்தவன் 12-ஐ. அதாவது 20, 45, 67 சதவீதம். இதில் 82 எடுத்த பையன் முதல்.

அறிவியல் ஆசிரியர் சொல்லும் வழியை நான் ஏற்கமாட்டேன். அவர் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். உங்கள் கணிதத்திலும் அப்படி ஒரு 20 மதிப்பெண் எல்லாருக்கும் இரண்டு தேர்விலும் கிடைத்திருந்தால், 12-30 என்பது 32-50 ஆகியிருக்கும். பையன் கற்றது அதேதான். ஆனால் 150 சதவீதம் 56 ஆகச் சரிந்துவிடும். பூஜ்யத்தை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து இப்படி மாறும் ஓர் அளவை வைத்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்தக் கூடாது. பூஜ்யம் வாங்கினால் கணிதமே தெரியாது என்றும் அர்த்தமில்லை, 30 எடுத்தவனுக்கு 15 எடுத்தவனைப்போல இரண்டு மடங்கு தெரியும் என்றும் அர்த்தமில்லை. போதாக்குறைக்கு, உங்கள் வினாத்தாளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14 இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக மூன்றோ நான்கோ சரியாகிவிடும். காலாண்டில் 4 எடுத்த பிள்ளை அரையாண்டில் நன்றாக ஊகித்து 8 எடுத்தால் 100 சதவீத முன்னேற்றம் என்று கணக்கு சொல்லும்!

மூன்றாவது வழி இயற்பியல் கல்வி ஆய்வில் பெயர் பெற்றது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வுகளை இந்த அளவை வைத்துத்தான் ஒப்பிட்டார். ஆனால் அவர் ஒப்பிட்டது வகுப்புகளின் சராசரிகளை. தனிப் பிள்ளைக்கு இதைப் போட்டால், முன்பு கீழே வந்த கோளாறு இப்போது மேலே வரும். 98-லிருந்து 100 போனவர் இரண்டே மதிப்பெண்ணில் குறை முழுவதையும் தீர்த்தவராகிவிடுவார்.

சரி, அப்படியானால் தலைமை ஆசிரியர் சொல்வதுபோல 25 கூடிய பெண்ணுக்கே கொடுத்துவிடலாமா? கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, எந்த மதிப்பெண்கள் கூடியிருக்கின்றன என்பது. கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 இருக்கிறதல்லவா? தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பதால் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு நாம் எல்லாரும் முதலில் பழக்குவது அந்த இரண்டையும்தான். 12 எடுத்த பையனின் 18-இல் 16 அங்கிருந்தே வந்திருக்கலாம். விடைத்தாளைப் புரட்டினால் தெரிந்துவிடும். அது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே பயிற்சியில் அவனோடு உட்கார்ந்த மற்றப் பிள்ளைகளுக்கும் அதே 16 கூடியிருந்தால், அவனை மட்டும் தனியாக மேடையேற்றக் காரணமில்லை. 82-லிருந்து 94-க்குப் போனவனோ கடைசியில் மிச்சமிருக்கும் கடினமான மதிப்பெண்களை எடுத்திருக்கிறான். இந்த 12-ஐயும் அந்த 18-ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இரண்டாவது, காலாண்டில் நடந்தது என்ன என்பது. ஒரு தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணில் பிள்ளைக்குத் தெரிந்ததும் இருக்கும், அன்றைய நல்ல நேரமோ கெட்ட நேரமோ கொஞ்சம் சேர்ந்திருக்கும். கடைசியில் நிற்பவர்களில் காய்ச்சலோடு எழுதியவர், படிக்காத பாடத்திலிருந்தே கேள்வி வந்து மாட்டியவர் என்று சிலர் எப்போதும் இருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்தத் துரதிர்ஷ்டம் பெரும்பாலும் திரும்ப வராது, அதனாலேயே மதிப்பெண் கூடும். பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டு பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதியதும் இந்தப் போக்கைப் பற்றித்தான். மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரிக்குக் கொஞ்சம் அருகில் வருகிறார்கள், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகளும் அப்படியே. ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பரிசு கடைசி வரிசைப் பிள்ளைக்கே போகிறதென்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆகவே காலாண்டு மதிப்பெண்ணை மட்டும் தொடக்கமாக வைக்காதீர்கள். முதல் இடைப்பருவத் தேர்வு மதிப்பெண்ணை நூற்றுக்கு மாற்றி, காலாண்டோடு சேர்த்துச் சராசரி எடுங்கள். 12 எடுத்த பையன் இடைப்பருவத்தில் 28 எடுத்திருந்தான் என்றால் அவன் தொடக்கம் 20. கூடியது 18 அல்ல, 10.

அப்புறம் இந்தத் தொடக்கச் சராசரியை வைத்து வகுப்பை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் கூடிய மதிப்பெண்களை வரிசையாக அடுக்கி, நடுவில் வரும் இடைநிலையைக் கண்டுபிடியுங்கள். சராசரி வேண்டாம், ஒரே பிள்ளை பெரிதாகத் தாவினால் சராசரியை இழுத்துவிடும். பிறகு ஒவ்வொருவரும் தன் குழுவின் இடைநிலையைவிட எவ்வளவு அதிகம் கூடினார் என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு இடைப்பருவ மதிப்பெண்கள் காலாண்டை ஒட்டியே இருந்தன, இடைநிலை கீழ்க் குழுவில் 14, நடுவில் 9, மேலே 3 என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் பையன் 4 அதிகம், பெண் 16 அதிகம், 82 எடுத்தவன் 9 அதிகம். ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே வினாத்தாளை எழுதியவர்களோடு ஒப்பிடுகிறோம். அதனால் அரையாண்டில் பாடப்பகுதி கூடியதும், தாள் எளிதாகவோ கடினமாகவோ அமைந்ததும், மேலே இருப்பவனுக்கு ஏற இடம் குறைவாக இருப்பதும் பெரும்பாலும் கணக்கில் வந்துவிடும். இதில் ஒரு குறை உண்டு. குழுவில் எட்டுப் பத்துப் பேராவது இல்லாவிட்டால் இடைநிலையை நம்ப முடியாது. சின்ன வகுப்பென்றால் இரண்டு குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய எண்களை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால், நடுவில் தொடங்கி 25 கூட்டிய பெண்ணைத்தான் நான் சொல்வேன். நடுக் குழுவே மொத்தமாக இருபதுக்கு மேல் கூடியிருந்தால் அது மாறும். அப்படி நடந்திருந்தால் 82 எடுத்த பையனின் பெயரை எடுத்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு இந்த விதியைக் காலாண்டுக்கு முன்பே ஆசிரியர்கள் கூடி எழுதி வைத்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு விதியைப் பேசினால், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பிள்ளை ஜெயிக்கும் கணக்கையே கேட்பார்கள். முதல் இருவருக்குள் வித்தியாசம் இரண்டு மூன்று மதிப்பெண்தான் என்றால் இருவருக்குமே கொடுங்கள். ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினாலே அந்த அளவு வித்தியாசம் வரும்.