நகலில் யார் கையெழுத்து? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தையும் அதனோடு இணைத்திருந்த படிவத்தையும் பார்த்தேன். மகளுக்கு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் பயிற்சிப் பணி கிடைத்திருக்கிறது. பணியில் சேரும் நாளுக்குள் ஆவணங்களை அனுப்ப வேண்டும். படிவத்தில் ஓரிடத்தில் ‘செல்ஃப் அட்டெஸ்டட்’, இன்னோரிடத்தில் ‘கெசட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன்’, கடைசியில் ‘நோட்டரைஸ்டு அஃபிடவிட்’ என்று இருக்கிறது. “எல்லாவற்றையும் ஒரு நோட்டரியிடம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால் பாதுகாப்புதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதுகாப்பு இல்லை அம்மா. இந்த மூன்றும் ஒரே ஏணியின் மூன்று படிகள் அல்ல. மேல்படியில் ஏறி நின்றால் கீழ்ப்படிகளும் நிறைவேறிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றிலும் வாக்குக் கொடுப்பவர் வேறு. எந்த வேலைக்கு எது நேரில் போக வேண்டும் என்பதும் வேறு. சுய சான்றொப்பத்துக்கு உங்கள் மகளின் கை மட்டும் போதும். அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் மூலச் சான்றிதழ் போக வேண்டும். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் என்றால் உங்கள் மகளே போக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிவத்தைப் பார்ப்போம்.

முதல் பகுதி பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டத்தின் தற்காலிகச் சான்றிதழ். இவற்றுக்குக் கேட்டிருப்பது சுய சான்றொப்பம். “இது மூலத்தின் உண்மை நகல், பொய்யென்றால் நான் பொறுப்பு” என்று விண்ணப்பதாரரே சொல்வதுதான் அது. ஒரு காலத்தில் இதற்கும் அலுவலரைத் தேடித்தான் மக்கள் அலைந்தார்கள். அந்த அலைச்சலைக் குறைக்கச் சொல்லி இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் தன் 12-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2013, 2014 ஆண்டுகளில் மத்திய அரசு தன் துறைகளையும் மாநிலங்களையும் சுய சான்றொப்பத்துக்கு மாறச் சொல்லி வலியுறுத்தியது. நகலில் வேறு யாருடைய கையெழுத்தும் இல்லையென்றாலும் அது செல்லும். மூலத்தைப் பின்னால் நேரில் சரிபார்ப்பார்கள். நகலும் மூலமும் பொருந்தாவிட்டால் வேலை போகும். அதற்குமேல் நடவடிக்கையும் வரலாம்.

செய்முறை எளிது. ஆனால் இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. முதலில் நகல் எடுங்கள், பிறகு அந்த நகலின் மேல் கையெழுத்துப் போடுங்கள். மூல மதிப்பெண் பட்டியலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்த மாணவனை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட ஒரு தாளை வைத்து ஐந்து நகல் எடுத்தால் அந்த ஐந்தும் சான்றொப்பமிட்டவை ஆகிவிடாது. ஒவ்வொரு தாளிலும் புதிதாகப் பேனா படவேண்டும். நீல மையில் போட்டால் நகலின் கறுப்பிலிருந்து கையெழுத்து தனித்துத் தெரியும். பச்சை மை வேண்டாம். அது அலுவலர்களின் வழக்கம். “உண்மை நகல்” என்று எழுதி, முழுக் கையெழுத்து, அதன்கீழ் பெயர், தேதி. பின்பக்கத்திலும் அச்சு இருந்தால் அதையும் நகலெடுத்து அங்கும் கையெழுத்து. விண்ணப்பத்தில் எப்படிக் கையெழுத்திட்டாளோ அப்படியே இங்கும் இருக்க வேண்டும். அவள் ஊரில் இல்லை என்பதற்காக நீங்கள் அவள் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள் அம்மா. அவசரத்தில் பல பெற்றோர் செய்வது இது. அந்தக் கணத்திலேயே சுய சான்றொப்பம் பொய்யாகிவிடுகிறது. தாள்களைக் கூரியரில் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது பகுதி சாதிச் சான்றிதழின் நகல். இதற்கு மட்டும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் கேட்டிருக்கிறார்கள். இங்கே வாக்குக் கொடுப்பவர் வேறு ஆள். “நான் மூலத்தைப் பார்த்தேன், இந்த நகல் அதனோடு பொருந்துகிறது” என்கிறார் அவர். சான்றிதழில் உள்ள செய்தி உண்மை என்று அவர் சொல்வதில்லை. அது அதை வழங்கிய வட்டாட்சியரின் பொறுப்பு. எனவே அவருக்கு உங்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. மூலம் கையில் இருந்தால் நீங்களே கொண்டுபோகலாம், மகள் வரவேண்டியதில்லை. நன்னடத்தைச் சான்று கேட்டால்தான், விண்ணப்பதாரரை நேரில் அறிந்த அலுவலர் தேவைப்படுவார். அது வேறு சங்கதி.

யார் இந்த அலுவலர்? பணி நியமனம் அரசிதழில் வெளியாகும் நிலையில் உள்ளவர்கள். உங்கள் ஊரில் எளிதில் கிடைப்பவர்கள் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அரசு மருத்துவமனை மருத்துவர், அரசுக் கல்லூரிப் பேராசிரியர், வட்டாட்சியர். கிராம நிர்வாக அலுவலர் அரசு ஊழியர்தான், ஆனால் இந்த வரிசையில் வரமாட்டார். தனியார் பள்ளி முதல்வரும் வரமாட்டார், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். ஓய்வு பெற்றவரின் கையெழுத்தும் செல்லாது. பழைய முத்திரையை நட்பின் பேரில் பயன்படுத்தித் தருபவர்கள் உண்டு, வாங்காதீர்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் மகள் படித்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைக் காலை வழிபாடு முடிந்த பின் பார்ப்பது என் அனுபவத்தில் நல்ல வழி. மருத்துவரென்றால் புறநோயாளிகள் கூட்டம் கலைந்த பின் போங்கள்.

வாங்கிய தாளை அங்கேயே நின்று பாருங்கள். அலுவலரின் கையெழுத்து, பெயரும் பதவியும் கொண்ட முத்திரை, அலுவலக முத்திரை, தேதி எல்லாம் இருக்கிறதா? சென்ற ஆண்டு ஒரு மாணவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் வட்ட முத்திரையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் மட்டும் இருந்தன. கையெழுத்திட்டவர் தலைமையாசிரியரா, எழுத்தரா என்று தாளைப் பார்ப்பவருக்குத் தெரியவே இல்லை. சரிபார்த்த அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. பெயர் முத்திரை ஒன்று இருந்திருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு ஐயம் உங்களுக்கு வரும். சாதிச் சான்றிதழ் இ-சேவை வழியாக மின்கையொப்பத்துடன் வந்தது, தாளில் வட்டாட்சியரின் மைக் கையெழுத்தே இல்லை, அலுவலர் எதை மூலம் என்று பார்ப்பார்? அந்த அச்சுப் பிரதியில் உள்ள சான்றிதழ் எண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் கொண்டு இணையத்தில் சரிபார்க்கலாம். கைப்பேசியில் காட்டத் தயாராகப் போங்கள். தயங்கும் அலுவலர்கள் பெரும்பாலும் இதைக் கண்டதும் சம்மதிப்பார்கள்.

மூன்றாவதுதான் நோட்டரி. நோட்டரி என்பவர் நோட்டரிகள் சட்டம், 1952-இன் கீழ் மத்திய அரசோ மாநில அரசோ நியமிக்கும் வழக்கறிஞர். அவர் நகல்களுக்கும் சான்றொப்பமிடலாம். அதுவும் மூலத்தைப் பார்த்துச் செய்வதே. ஆனால் அரசிதழ் அலுவலர் என்று படிவம் குறிப்பிட்டுக் கேட்டால் நோட்டரி அதற்கு மாற்று ஆகமாட்டார், ஏனென்றால் அவர் அரசு அலுவலர் இல்லை. உங்கள் திட்டம் தவறிப்போகும் இடம் இதுதான்.

மேலும், உங்கள் படிவம் நோட்டரியிடம் கேட்பது நகலே அல்ல. மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர் வந்துவிட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் பாதிப் பேருக்கு இருக்கும் சிக்கல் இது. வெளிமாநிலத்தில் கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டும் இரண்டு ஆட்களாகத் தெரிகின்றன. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியம் செய்து எழுதும் பிரமாணப் பத்திரத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். இதில் மூலமே அந்தப் பத்திரம்தான். அதை அப்படியே அனுப்ப வேண்டும், நகலை அனுப்பினால் பயனில்லை.

பத்திரத்தில் இரண்டு பெயர்களையும் சான்றிதழ்களில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். எந்தப் பெயர் எந்த ஆவணத்தில், எந்த எண்ணில் என்பதையும் சேருங்கள். உங்கள் மகள் அடையாள அட்டையுடன் நோட்டரி முன் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். நோட்டரி சாட்சி சொல்வது அந்தக் கையெழுத்துக்கும் சத்தியத்துக்கும்தான். அவள் கோயம்புத்தூரில் இருந்தால் அங்குள்ள நோட்டரியிடமே செய்யலாம். உங்கள் ஊருக்கு வர வேண்டாம். நீதிமன்ற வாசலில், ஆள் வராமலே முத்திரை குத்தித் தருகிறோம் என்பவர்களிடம் வாங்கினால், பின்னால் கேள்வி எழும்போது அந்தப் பத்திரம் நிற்காது. நோட்டரியின் வட்ட முத்திரையில் அவர் பெயரும், அவர் பணிசெய்ய அனுமதி பெற்ற பகுதியும், நியமித்த அரசின் பெயரும் இருக்கும். பத்திரத்தில் அவருடைய பதிவேட்டு வரிசை எண்ணும் தேதியும் இடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவருடைய தொழில்சான்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. முத்திரையில் காலாவதித் தேதி இருந்தால் அது கடந்துவிட்டதா என்பதையும் கவனியுங்கள்.

‘கெசட்’ என்ற சொல்லைக் கேட்டு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். அது பெயரையே மாற்றிக்கொள்பவர்களுக்கானது. உங்கள் மகள் பெயரை மாற்றவில்லை, எழுதும் முறையில் உள்ள வேறுபாட்டை விளக்குகிறாள். படிவமும் பிரமாணப் பத்திரத்தைத்தான் கேட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், உடல்தகுதிச் சான்றின் நகலுக்கு வெறுமனே ‘அட்டெஸ்டட் காப்பி’ என்று எழுதியிருக்கிறார்கள், யார் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நியமனக் கடிதத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு, “சுய சான்றொப்பம் போதுமா, அரசிதழ் அலுவலர் சான்றொப்பம் வேண்டுமா?” என்று ஒரே வரியில் இன்றே எழுதச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் இருப்பது நல்லது. இரண்டு நாளில் பதில் வராவிட்டால் சாதிச் சான்றிதழுக்குப் போகும்போதே இந்த நகலையும் மூலத்தோடு எடுத்துப் போய் அலுவலரின் சான்றொப்பம் வாங்குங்கள். அதே தாளின் கீழே காலியிடத்தில் மகளும் கையெழுத்திட்டுத் தேதி போடட்டும். சுய சான்றொப்பம்தான் எதிர்பார்த்தார்கள் என்றாலும் அவள் கையெழுத்து அங்கே இருக்கும்.

நான் சொன்ன வரிசையில் செய்யுங்கள்: முதலில் கூரியரில் நகல்களை மகளுக்கு அனுப்புங்கள். அவை திரும்பி வரும் இடைவெளியில் மூலங்களோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். அவள் அங்கே ஒரு நோட்டரியைப் பார்க்கட்டும். பத்திர வாசகத்தை அவள் எழுதியதும் கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்புங்கள், பெயர் எழுத்துகளை ஒருமுறை சான்றிதழோடு ஒப்பிட்டுத் தருகிறேன்.